புதிய இணைப்பு வந்ததும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா? வயரைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

புதிய த்ரீ பேஸ் இணைப்புக் கிடைத்து, மெயின் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், மோட்டாரில் பழுது என்று பயப்பட வேண்டாம். மூன்று பேஸ்களும் உச்சத்தைத் தொடும் வரிசை முன்பு இருந்ததற்கு மாறாக வந்திருக்கிறது. ஏதாவது இரண்டு பேஸ் வயர்களை இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும் என்பதும் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த இடத்தில் மாற்றுவது என்பதை யோசிக்காமல் கையில் கிடைத்த பெட்டியைத் திறந்து மாற்றுவதால், ஒரு சின்ன வேலை பெரிய வேலையாகிவிடுகிறது. வரிசை எந்தப் பக்கத்தில் பிறழ்ந்ததோ அந்தப் பக்கத்தில் மட்டும்தான் மாற்ற வேண்டும்.

இதை விளக்க, கொட்டாஞ்சேனை ஐந்துலாம்புச் சந்திக்குக் கிட்ட நான் பார்த்த ஒரு அரைக்கும் மில்லை எடுத்துக்கொள்கிறேன். மிளகாய், மல்லி, அரிசி மா எல்லாம் அரைக்கிற இடம். 10 குதிரைவலு மோட்டாரில் பிளேட் மில், அதை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, சில வினாடியில் முழு வலுவுள்ள டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். 3 குதிரைவலுவில் மா சலிக்கும் இயந்திரம். 1 குதிரைவலுவில் தூசி உறிஞ்சும் புளோவர். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டர் ஒன்று, மெயினுக்கும் அதற்கும் மாற்றிப் போட ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச். அதுவரை கட்டடக்காரரின் த்ரீ பேஸிலிருந்து எடுத்து ஓட்டியவர்கள், தங்கள் பெயரிலேயே 30 ஆம்பியர் த்ரீ பேஸ் இணைப்பு எடுத்தார்கள். அடுத்த நாள் மில்காரர் சொன்னது, "தம்பி, மிளகாயை உள்ளே இழுக்குதில்லை. அப்படியே வாயில நிண்டு சுத்துது."

எத்தனை மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது?

ஸ்பானரை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எல்லா மோட்டாரும் எதிர்ப்பக்கம் என்றால் பிழை மின்சாரம் வரும் வழியில், அதாவது மெயின் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் என்றால் அந்த மோட்டாரின் சர்க்கிட்டில், பெரும்பாலும் இணைப்பு மாற்றும்போது யாரோ கழற்றிப் பூட்டிய இடத்தில் இருக்கிறது. மெயினில் எதிர்ப்பக்கம், ஜெனரேட்டரில் சரி என்றால் அது மிகத் தெளிவான சாட்சி. சேஞ்ச்ஓவருக்குப் பின்னால், மோட்டார் பக்கம் உள்ள எதையும் தொடத் தேவையில்லை.

கேள்வி எளிது, பதில் சில நேரம் ஏமாற்றும். ஏனென்றால் எல்லா இயந்திரமும் எதிர்ப்பக்கம் சுற்றுவதை வெளிப்படையாகக் காட்டாது. பிளேட் மில்லில் உள்ளே ஒரு திருகு தானியத்தைத் தட்டுக்குத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் சுற்றினால் அது தானியத்தை வாய்க்கே திருப்பி அனுப்பும். அதனால் மில்காரருக்கு உடனே தெரிந்துவிட்டது. சுவரில் பூட்டிய சாதாரண எக்ஸோஸ்ட் ஃபேன் என்றால் வெளியே தள்ள வேண்டிய காற்றை உள்ளே இழுக்கும், அதுவும் தெரிந்துவிடும். ஆனால் நத்தை ஓடு போன்ற உறையுள்ள புளோவரும், மையவிலக்குத் தண்ணீர்ப் பம்பும் அப்படியல்ல. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றோ தண்ணீரோ அதே வாயால்தான் வரும், குறைவாக வரும். "புது இணைப்புக்குப் பிறகு மேல் மாடித் தொட்டி நிரம்ப நேரமாகிறது, வோல்டேஜ் குறைவோ?" என்று வெள்ளவத்தை அடுக்குமாடிகளிலிருந்து வருகிற கேள்விக்குப் பல நேரம் பதில் இதுதான். வோல்டேஜ் சரியாகவே இருக்கும்.

ஆகவே காதாலும் சந்தேகத்தாலும் முடிவு எடுக்காதீர்கள். மோட்டாரை நிறுத்துங்கள். அது ஓய்ந்து நிற்கப்போகும் கடைசிச் சில சுற்றுகளில் ஷாஃப்டோ குளிரூட்டும் விசிறியோ எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உறையில் வார்த்திருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். முழு வேகத்தில் பார்த்தால் கண் ஏமாறும்.

இன்வெர்ட்டர் டிரைவில் ஓடும் மோட்டாரை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டிரைவ் உள்ளே வரும் மூன்று பேஸையும் டிசி ஆக்கி, தானே புதிதாக மூன்று பேஸ் உண்டாக்குகிறது. வரும் வரிசை எப்படி இருந்தாலும் மோட்டார் பழைய திசையிலேயே சுற்றும். மற்றதெல்லாம் திரும்பி, டிரைவ் மோட்டார் மட்டும் சரியாக ஓடினால், மெயின் பக்கம்தான் பிறழ்ந்திருக்கிறது என்பதற்கு அது இன்னொரு ஆதாரம்.

எல்லாமே எதிர்ப்பக்கம் என்றால்

மல்டிமீட்டர் இதற்கு உதவாது. வரிசை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் எந்த இரண்டு பேஸுக்கு நடுவிலும் 400 வோல்ட், ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட்டே காட்டும். அந்த அளவுகளை எடுப்பது அவசியம்தான், ஆனால் அது பேஸ் ஒன்றும் விடுபடவில்லை, நியூட்ரல் சரியாக இருக்கிறது என்பதைப் பார்க்க மட்டும். வரிசையைப் பார்க்க பேஸ் சீக்குவென்ஸ் டெஸ்டர் வேண்டும். சின்னத் தட்டு சுழலும் வகை உண்டு, எல்இடி எரியும் வகை உண்டு. புறக்கோட்டையில் மின்சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மூன்று கிளிப்பையும் எல்1, எல்2, எல்3 என்று வரிசையாக மாட்டினால் வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று சொல்லிவிடும். மெயினை அணைத்துவிட்டு, பிரேக்கரின் வெளியேறும் பக்கத்தில் கிளிப்பை மாட்டி, கையை எடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள். உயிரோடு இருக்கும் டெர்மினலில் கிளிப் மாட்டப் போகாதீர்கள்.

டெஸ்டர் "வலஞ்சுழி" என்று சொன்னால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. நமக்கு வேண்டியது, இந்தக் கட்டடத்து மோட்டார்கள் எந்த வரிசைக்குப் பழகி வயர் பண்ணப்பட்டிருக்கின்றனவோ அதே வரிசை. அதனால் பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன்பே டெஸ்டரை மாட்டி ஒரு தடவை பார்த்து எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கொட்டாஞ்சேனையில் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் ஜெனரேட்டர் இருந்தது. அது பழைய மெயினுக்குப் பொருத்தமாகப் பூட்டப்பட்டு, அதில் எல்லா மோட்டாரும் சரியாக ஓடியது. ஆகவே சேஞ்ச்ஓவர் சுவிட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன்: வலஞ்சுழி. பிறகு ஜெனரேட்டரை நிறுத்தி, மெயின் பக்கத்தில் அதே கிளிப்களை அதே வரிசையில் மாட்டினேன்: இடஞ்சுழி. பிழை சேஞ்ச்ஓவருக்கு முன்னால், மெயின் பக்கத்தில் என்று உறுதியாகிவிட்டது.

மீட்டருக்கு முன்னால் உள்ள வயரும் சீல் வைத்த மூடியும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு உரியவை. அதை நாம் திறக்கக்கூடாது; திறக்கத் தேவையும் இல்லை. மீட்டருக்குப் பின்னால் நமது மெயின் ஐசொலேட்டர் சுவிட்சின் வெளியேறும் பக்கம்தான் மாற்றத் தகுந்த இடம். ஐசொலேட்டரை அணைத்தால் அந்த டெர்மினல்கள் செத்துவிடும். சேஞ்ச்ஓவருக்கு முன்னால் இருப்பதால் ஜெனரேட்டரின் வரிசை பாதிக்கப்படாது.

இதே மாற்றத்தைச் சேஞ்ச்ஓவருக்குப் பின்னால் செய்தால் என்ன ஆகும்? மெயினில் எல்லாம் சரியாக ஓடும். வேலை முடிந்தது என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடலாம். அடுத்த மின்வெட்டில் ஜெனரேட்டரைப் போட்டதும் எல்லா மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றும். அப்போது வருகிறவர் ஜெனரேட்டரில் வயரை மாற்றுவார். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் இரண்டு இடத்தில் வரிசை புரண்ட ஒரு கட்டடத்தை அடுத்து வருபவரின் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம்.

நிறத்தை நம்பி மாற்றாதீர்கள்

கொழும்பின் பழைய கட்டடங்களில் பேஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரல் கறுப்பு. இப்போது வரும் கேபிளில் பேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். புதிய சர்விஸ் பழைய போர்டைச் சந்திக்கும் பெட்டியில் இரண்டு நிறமுறையும் அருகருகே இருக்கும். அங்கே கறுப்பு வயர் ஒரு பக்கம் நியூட்ரல், இன்னொரு பக்கம் பேஸ். நீலம் ஒரு பக்கம் பேஸ், இன்னொரு பக்கம் நியூட்ரல். நிறத்தைப் பார்த்து "கறுப்பையும் நீலத்தையும் மாற்றிவிடு" என்று யாராவது சொன்னால், அங்கே நியூட்ரலும் பேஸும் இடம் மாறிவிடும். அப்புறம் மற்ற இரண்டு பேஸிலும் இருக்கும் 230 வோல்ட் லைட், ஃபிரிட்ஜ், கணக்குப் பார்க்கும் கணினி எல்லாவற்றுக்கும் 400 வோல்ட் போகும். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் வரும் நட்டத்தைவிட இது பல மடங்கு.

அந்த மில்லில் வயரைத் தொடும் முன், நியூட்ரல் எது என்று மீட்டரால் கண்டுபிடித்து, அதற்கு ஒரு டேப் சுற்றி ஒதுக்கிவிட்டேன். அதை யாரும் தொடக்கூடாது. பிறகு ஐசொலேட்டரை அணைத்து, பூட்டுப் போட்டு, ஜெனரேட்டரை ஆஃப் செய்து அதன் சாவியையும் கையில் எடுத்து, டெர்மினல்கள் செத்துவிட்டனவா என்று வோல்டேஜ் டெஸ்டரால் பார்த்தேன். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, உயிருள்ள வேறொரு இடத்தில் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகுதான் சாம்பலையும் கறுப்புப் பேஸையும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினேன்.

எந்த இரண்டு என்பது முக்கியமில்லை. மூன்று வயரை ஆறு விதமாகப் பூட்டலாம். அதில் மூன்று விதம் ஒரு திசை, மற்ற மூன்று எதிர்த்திசை. இரண்டை மட்டும் மாற்றினால் திசை திரும்பும். மூன்றையும் ஒவ்வோர் இடம் தள்ளிப் பூட்டினால் திசை மாறவே மாறாது. "மாற்றிப் பார்த்துவிட்டேன், அப்படியேதான் சுற்றுகிறது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் மூன்றையும் நகர்த்தியிருப்பார்.

ஸ்டாரில் சரி, டெல்டாவுக்கு மாறியதும் முனகுகிறது

கொட்டாஞ்சேனை மில்லில் வேலையைச் சிக்கலாக்கியது இதுதான். எனக்கு முன்னால் ஒருவர் வந்து, 10 குதிரைவலு மோட்டாரின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஆறு வயரில் இரண்டை மாற்றியிருந்தார். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார் சரியான திசையில் கிளம்பும். சில வினாடி கழித்து ஸ்டார்ட்டர் டெல்டாவுக்கு மாறியதும் மோட்டார் முனகி, வேகம் விழுந்து, ஓவர்லோட் ட்ரிப் ஆகும். மோட்டார் சுருள் எரிந்துவிட்டது, ரீவைண்ட் செய்ய வேண்டும் என்ற பேச்சும் வந்திருந்தது.

ஸ்டார்-டெல்டா மோட்டாருக்கு ஆறு வயர் போகிறது: யூ1, வீ1, டபிள்யூ1 ஒரு முனை, யூ2, வீ2, டபிள்யூ2 மறு முனை. டெல்டாவில் யூ1 எல்1-இலும், யூ2 எல்2-இலும் இருக்கும். அதனால் அந்தச் சுருளுக்கு 400 வோல்ட் கிடைக்கும். அந்த ஆள் யூ1, வீ1 இரண்டை மட்டும் மாற்றினார். இப்போது யூ1-உம் எல்2, யூ2-உம் எல்2. ஒரு சுருளின் இரண்டு முனையும் ஒரே பேஸில். அதற்கு வோல்டேஜ் பூச்சியம். மற்ற இரண்டு சுருளும் எல்1-க்கும் எல்3-க்கும் நடுவில் நிற்கும். ஆக டெல்டாவில் அது த்ரீ பேஸ் மோட்டாராகவே இல்லை. ஸ்டாரில் மறுமுனை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் இந்தப் பிழை வெளியே தெரியாது, திசை மட்டும் திரும்பிக் காட்டும்.

ஸ்டார்-டெல்டா மோட்டாரின் திசையை மாற்ற வேண்டுமானால் ஸ்டார்ட்டருக்குள் வரும் மூன்று வயரில், அதாவது உள்ளே இருக்கும் கான்டாக்டர் சுவிட்சுகளுக்கு முன்னால், இரண்டை மாற்றுங்கள். ஆறு வயர்ப் பக்கம் போக வேண்டாம். இந்த மில்லில் முதலில் யூ1, வீ1-ஐப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வயர் முனையில் இலக்கக் குழாய்கள் இருந்ததால் தப்பித்தோம். அவை இல்லாதிருந்தால் ஒவ்வொரு சுருளையும் மீட்டரால் தொடர்ச்சி பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதன் பிறகே மெயின் பக்கத்து மாற்றம். எதை முதலில் செய்வது என்பது முக்கியம்: முன்பு செய்த தவறான மாற்றத்தைக் களையாமல் மெயினைத் திருப்பியிருந்தால், அந்த மோட்டார் ஸ்டாரில் எதிர்ப்பக்கமும் டெல்டாவில் முனகலுமாக நின்றிருக்கும்.

ஒரு மோட்டார் மட்டும் எதிர்ப்பக்கம்

போர்டு மாற்றும்போது அந்தச் சர்க்கிட்டின் பிரேக்கரில் இரண்டு வயர் இடம் மாறியிருக்கும். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் ஸ்டார்ட்டரின் வெளியேறும் பக்கத்திலோ மோட்டார் பெட்டியிலோ இரண்டை மாற்றினால் போதும். மெயினைத் தொட்டால் சரியாக ஓடும் மற்றவையும் கெட்டுவிடும்.

மோட்டார் கிளம்பவே இல்லை

நின்ற இடத்தில் உறுமுகிறது, கையால் தள்ளினால் தள்ளிய பக்கம் சுற்றப் பார்க்கிறது என்றால், அது வரிசைப் பிழை அல்ல. ஒரு பேஸ் வரவில்லை. உடனே அணையுங்கள், சுருள் வேகமாகச் சூடேறும். இங்கேதான் மல்டிமீட்டர் கைகொடுக்கும்.

உறுமலே இல்லை, ஸ்டார்ட் பட்டனுக்கு எந்தப் பதிலும் இல்லை, பேனலில் ஒரு சிறு ரிலேயில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால், அது பெரும்பாலும் பேஸ் சீக்குவென்ஸ் ரிலே. லிப்ட், பெரிய ஏசி, ஸ்க்ரூ கம்ப்ரசர் போன்றவற்றில் பெரும்பாலும் இது இருக்கும். புதிய இணைப்பின் வரிசை தவறு என்பதை அது சரியாகப் பிடித்திருக்கிறது. "ரிலே பழுது, பைபாஸ் போடு" என்று சொல்பவரை அருகில் விடாதீர்கள். ஸ்க்ரூ கம்ப்ரசர் எதிர்ப்பக்கம் சில வினாடி ஓடினாலே உள்ளே பழுதாகலாம். ஸ்க்ரோல் வகை ஏசி கம்ப்ரசர் சத்தம் போடும், குளிராது, அப்படியே விட்டால் கெட்டுவிடும். மெயின் வரிசையைச் சரிசெய்தால் ரிலே தானாக விட்டுக்கொடுக்கும். மில்காரருக்கும் ஒரு ரிலே வாங்கி, பெரிய ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் சுருளுக்குப் போகும் வயரில் போடச் சொன்னேன். சேஞ்ச்ஓவருக்குப் பின்னால் போட்டால் மெயின், ஜெனரேட்டர் இரண்டையும் கவனிக்கும். ஆனால் அது தன் டெர்மினலில் வரும் வரிசையைத்தான் பார்க்கும். அதற்கும் மோட்டாருக்கும் நடுவில் யாராவது வயரை மாற்றினால் அதற்குத் தெரியாது.

பெல்ட்டைப் போடும் முன்

மாற்றி முடிந்ததும் பிளேட் மில்லின் பெல்ட்டைக் கழற்றி வைத்தேன். முதலில் டெஸ்டர்: மெயினில் வலஞ்சுழி, ஜெனரேட்டரில் வலஞ்சுழி. பிறகு ஒவ்வொரு மோட்டாரையும் ஸ்டார்ட் அழுத்தி உடனே ஸ்டாப் அழுத்தி, ஓயும்போது திசையைப் பார்த்தோம். மூன்றும் சரி. 10 குதிரைவலுவை மட்டும் டெல்டாவுக்கு மாறும் வரை விட்டுப் பார்த்தோம். முனகலில்லை, மூன்று வயரிலும் கரண்ட் கிட்டத்தட்டச் சமம். அதற்குப் பிறகுதான் பெல்ட்டும் மிளகாயும்.

ஐசொலேட்டரில் நிறங்கள் இப்போது வரிசை மாறித் தெரியும். அதைப் பார்த்து நாளை ஒருவர் "இது தப்பு" என்று திருப்பிவிடக்கூடும். ஆகவே அந்த இரண்டு வயருக்கும் சரியான பேஸ் இலக்கத்தைக் குழாயில் மாட்டி, மூடியின் உட்புறம் எந்த இரண்டு மாற்றப்பட்டது, தேதி, டெஸ்டர் காட்டியது என்ன என்று எழுதி ஒட்டினோம். வெளியே சர்விஸ் வயரையோ கம்பத்து இணைப்பையோ மாற்றி வேலை செய்தால் வரிசை மறுபடியும் புரளலாம். அப்படி ஆட்கள் வந்து போன நாளில், பெல்ட்டைப் போட்டு அரைக்கத் தொடங்கும் முன் புளோவரின் ஷாஃப்டை ஒரு தடவை பார்க்கச் சொல்லி, அந்த அட்டையிலேயே ஓர் அம்புக்குறியும் வரைந்து கொடுத்தேன்.